ஹால் போட்டோவில் பொருந்தின சோபா, ஹாலில் பொருந்துமா?

அருப்புக்கோட்டையில் ஒரு வாடகை வீடு, ஹாலில் 10 அடிச் சுவர். 36,000 ரூபாய் சோபாவுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, கேட்லாக் படத்தை ஹால் போட்டோவில் ஒட்டிப் பார்க்கிறீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா விரலால் சுருக்கினா எந்த சோபாவும் எந்த ஹாலுக்கும் பொருந்திடுமே!

தரை டைல்ஸை அளவுகோலா வெச்சுக்கோங்க. 2 அடி டைல்ஸ்னா, 7 அடி சோபா மூன்றரை டைல்ஸ் அகலம் வரணும். சோபாவோட முன்கால் நிற்கிற வரிசையில்தான் எண்ணணும். தள்ளி இருக்கிற வரிசையில் டைல்ஸ் சின்னதாத் தெரியும், கணக்கு தப்பிடும். சரியா ஒட்டினா மிச்சம் 3 அடி. அதே சுவரில் 3 அடிக் கதவும் இருந்தா? நிலைச்சட்டத்துக்குக்கூட இடமில்லை. 5 அடி டூ சீட்டர் பாருங்க, இஎம்ஐயும் குறையும்.

2017-ல் ஐகியா விட்ட பிளேஸ் ஆப், கேமரா வழியாத் தரையைக் கணிச்சு சோபாவை ஏறக்குறைய நிஜ அளவில் நிறுத்திச்சு. சாதாரண போட்டோ எடிட்டருக்கு அந்த வித்தை தெரியாது.

பெயின்ட் கலர் இன்னும் ஏமாத்தும். போன் கேமரா தானாவே நிறத்தைத் திருத்தும். சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்க. தாள் மஞ்சளாத் தெரிஞ்சா அந்தப் படம் வேண்டாம். கலர் பிடிச்சதும் சின்ன டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி அடிச்சு, நம்ம ஊர் மதிய வெயிலிலும் ராத்திரி லைட்டிலும் பார்த்துட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்க.