பிபிஎம் 1500 என்றால் எத்தனை மூட்டை உப்பு?

மணக்குடி பக்கம் தென்னையும் காய்கறியும் போட்டிருக்கிற நண்பர் ஒருவர் கோடையில் போன் பண்ணினார். "சார், கிணத்துத் தண்ணிய மீட்டர்ல பாத்தேன், 1500 பிபிஎம். ஒன்றரை சதவீதம் உப்பாம். கிணத்த மூடிரலாமா?"

ஒன்றரை சதவீதம் என்றால் தென்னையே தாங்காது. கடல் தண்ணீரில் இருப்பதே மூன்றரை சதவீதம்தான். கணக்கு எங்கே தவறியது?

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. சதவீதம் நூற்றில் எத்தனை பங்கு. வங்கியில் பத்து லட்சம் டெபாசிட் போட்டால் ஒரு சதவீத வட்டி எவ்வளவு? 10,000 ரூபாய். அதேதான் இங்கேயும்: 10,000 பிபிஎம் ஒரு சதவீதம். ஆகவே பிபிஎம்மை 10,000 ஆல் வகுக்க வேண்டும். 1500 பிபிஎம் என்றால் 0.15 சதவீதம். வேப்பெண்ணெய் மருந்துப் பாட்டிலில் 1500 பிபிஎம் என்று இருந்தாலும் கணக்கு இதுவே.

நண்பர் 1000 ஆல் வகுத்துவிட்டார். அதில் கிடைக்கும் 1.5 என்பது சதவீதமல்ல, ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள உப்பு, கிராமில். சந்தேகம் வந்தால் கடல் தண்ணீரோடு ஒத்துப் பாருங்கள். அது சுமார் 35,000 பிபிஎம்.

சொன்னதும் நண்பருக்கு நிம்மதி. "அப்ப 0.15 தானா, ஒண்ணும் இல்ல." அங்கேதான் அடுத்த தவறு. ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கப் பாய்ச்சினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர் ஆகும். லிட்டருக்கு ஒன்றரை கிராம் வீதம் 300 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையில் ஆறு மூட்டை, ஒரே பாய்ச்சலில்! பயிர் தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பங்கை மண்ணிலேயே விட்டுவிடும். வரப்போரம் வெள்ளை பூத்தாலோ, இலை நுனி கருகினாலோ உப்பு சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வடிகால் சரியாக இருந்தால் மழை அந்த உப்பைக் கழுவிக் கொண்டுபோகும். வடிகால் அடைத்திருந்தால் அடுத்த கோடையில் அதன்மேலேயே சேரும். 450 பிபிஎம்முக்குக் கீழே கவலையில்லை, 2000க்கு மேலே போனால் பெரும்பாலான பயிருக்கு ஆபத்து என்பது பொதுவான அளவுகோல். தென்னை கொஞ்சம் தாங்கும், பீன்ஸ் தாங்காது.

இன்னொன்றும் பாத்துக்கிடுங்க. கை மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்து, 0.5 அல்லது 0.7 போன்ற ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒன்று 1500 காட்டும் தண்ணீரை இன்னொன்று 1100க்குக் கீழே காட்டலாம். எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். கிணற்றை மூடுவதா வேண்டாமா என்கிற முடிவை ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்த பிறகு எடுங்கள்.

நண்பர் கிணற்றை மூடவில்லை. மழைக்கு முன்னால் வடிகாலைத் தோண்டினார்.