அக்கா வெளுப்பு, நான் கறுப்பு

"பாட்டி, அம்மாவும் அப்பாவும் மாநிறம். அக்கா மட்டும் ஏன் வெளுப்பு, நான் ஏன் கறுப்பு?"

பாட்டி உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தியின் சட்டைக் கையைச் சற்று மடித்துவிட்டார்.

"கையின் உள்பக்கத்தைப் பார் கண்ணு, வெயில் படாத இடம். இதுதான் உன் இயல்பான நிறம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்யும் செல்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். எவ்வளவு செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம்."

அந்த அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நிறத்தில் பங்கு உண்டு என்று 2005இல் தெரியவந்த எஸ்எல்சி24ஏ5 அவற்றில் ஒன்று. மெலனினைக் குறைக்கும் அதன் வடிவம் தெற்காசியாவில் பரவலாக உண்டு. ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு பிரதி மட்டும் அந்த வடிவம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தைக்கு இருவரிடமிருந்தும் அதுவே வரலாம். இன்னொன்றுக்கு வராமலே போகலாம். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மற்ற மரபணுக்களும் இப்படியே கலைந்து சேர்வதால் நிறங்கள் பலவாகின்றன.

"அம்மா குங்குமப்பூ சாப்பிடாததால்தான் நான் கறுப்புன்னு அத்தை சொன்னாங்களே?"

"குங்குமப்பூ பாலின் நிறத்தைத்தான் மாற்றும். குழந்தையின் மரபணுவை அது தொடாது. அத்தையிடம் நானே சொல்கிறேன்."