அறுபதுக்கு ஒரு கணக்கு, எண்பதுக்கு வேறு கணக்கு

வருமான வரியில் மூத்த குடிமக்களுக்கு இரண்டு வயதுப் படிகள் உண்டு. 60 வயது ஆனவர்களுக்கு ஆண்டு வருமானத்தில் முதல் 3 லட்சம் ரூபாய்க்கு வரி கிடையாது. 80 வயது ஆனவர்களுக்கு முதல் 5 லட்சத்துக்கு வரி கிடையாது. மற்றவர்களுக்கு இந்த வரம்பு 2.5 லட்சம்தான். இதோடு வங்கி வட்டியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவர்கள் பல காலமாக நம்பியிருக்கும் சலுகைகள் இவை.

ஆனால் இவை எல்லாமே பழைய வரி முறையில் மட்டும்தான் இருக்கின்றன. நாமாகக் கேட்காவிட்டால் இப்போது அரசு நம்மைச் சேர்ப்பது புதிய வரி முறையில். அங்கே வயதுக்கு எந்த மதிப்பும் இல்லை. 25 வயது இளைஞருக்கும் 85 வயதுப் பாட்டிக்கும் ஒரே வரம்பு. 2025-26 நிதியாண்டில் அந்த வரம்பு 4 லட்சம் ரூபாய். 60 வயதுக்காரருக்குப் பழைய முறை தரும் 3 லட்சத்தை இது தாண்டிவிட்டது. 80 வயதுக்காரரின் 5 லட்சத்தை மட்டும் தாண்டவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் தெளிவாகிவிடும்.

பென்ஷனும் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ள 67 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு பென்ஷன் 4,20,000 ரூபாய். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் போட்டிருக்கிறார். 8.2 சதவீத வட்டியில் 2,46,000 வருகிறது. வங்கி வைப்பு வட்டி 1,04,000, சேமிப்புக் கணக்கு வட்டி 6,000. மொத்தம் 7,76,000 ரூபாய்.

பழைய முறையில் பென்ஷனுக்கான நிலையான கழிவு 50,000, வட்டிக்கான கழிவு 50,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 26,000 என்று மூன்றையும் கழித்தால் 6,50,000 மிஞ்சும். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 10,000. மீதி 1,50,000-க்கு 20 சதவீதம், அதாவது 30,000. 4 சதவீத செஸ் சேர்த்து 41,600 ரூபாய் கட்ட வேண்டும்.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும்தான் உண்டு. வட்டிக் கழிவும் இல்லை, காப்பீட்டுக் கழிவும் இல்லை. வரிக்குரிய வருமானம் 7,01,000. இதற்கு 15,050 ரூபாய் வரி வருகிறது. ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 ரூபாய் வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆகவே கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

இவரைப் போன்ற பெரும்பாலானவர்களுக்குப் புதிய முறையே நல்லது. மூத்த குடிமக்களுக்கென்று தனிச் சலுகை இருக்கிறதே என்பதற்காகப் பழைய முறையிலேயே தாக்கல் செய்தால், அந்தச் சலுகைகளைப் பெறுவதற்காகவே 41,600 ரூபாய் கொடுத்ததாகிவிடும்.

இதே ஆசிரியரை வைத்து இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை வட்டிக்கு வரி இல்லை' என்று பலரும் சொல்லிக் கேட்கிறோம். அது தவறு. 2025 ஏப்ரல் முதல் அந்த ஒரு லட்சம், வங்கியோ அஞ்சலகமோ வட்டியில் வரிப் பிடித்தம் செய்வதற்கான வரம்பு. முன்பு அது 50,000 ஆக இருந்தது. ஒரே வங்கியில் பல கிளைகளில் வைப்பு இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு வட்டிக்கும் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதவரிடம் 20 சதவீதம். வட்டி 90,000 வந்து பிடித்தம் இல்லாமல் போனாலும் அந்த 90,000 வருமானம்தான், கணக்கில் காட்டியே ஆக வேண்டும். வங்கி அந்த வட்டியை வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். வரித்துறை இணையதளத்தில் நம் பெயரில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தால் வங்கிவாரியாக அது தெரியும்.

பிடித்தத்தைத் தவிர்க்க 15எச் படிவம் உண்டு. 60 வயது ஆனவர், இந்த ஆண்டு தன் மொத்த வரி பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் 15எச் கொடுக்க முடியாது என்று பலரும் நினைக்கிறார்கள். தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யமானாலும் போதும் என்று 2019-லேயே விதி மாறிவிட்டது. ஆகவே 7,76,000 வருமானம் உள்ள நம் ஆசிரியரும் அதைக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் அஞ்சலகம் 24,600 ரூபாயையும் வங்கி 10,400 ரூபாயையும் பிடித்துவிடும். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் மாதச் செலவுக்கு வட்டியை நம்பியிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு பெரிய சிரமம். படிவத்தை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலேயே, வைப்பு உள்ள ஒவ்வொரு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒரு இடத்தில் கொடுத்தது இன்னொரு இடத்துக்குச் செல்லாது.

இனி எண்பதைத் தாண்டியவர்களின் கணக்கு. இங்கேதான் பழைய சலுகைகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

82 வயது அம்மா ஒருவர். பென்ஷன் இல்லை. வங்கியிலும் அஞ்சலகத்திலும் உள்ள வைப்புகளிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் வட்டி. வீட்டைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டியிருந்ததால், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டை 2025-26-ல் விற்கிறார். அதில் 5 லட்சம் லாபம். மொத்த வருமானம் 8 லட்சம்.

12 லட்சத்துக்குள்தானே, புதிய முறையில் வரி இருக்காது என்று தோன்றும். அப்படி இல்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற பங்கு, பங்கு ஃபண்டுகளின் லாபத்துக்குத் தனி வரி விகிதம் உண்டு. 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம். புதிய முறையின் தள்ளுபடி இந்தத் தனி விகித வரியைத் தொடாது.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. இந்தியாவில் வசிப்பவரின் மற்ற வருமானம் விலக்கு வரம்பை எட்டாவிட்டால், மிச்சமுள்ள வரம்பை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் வரம்பு 4 லட்சம், வட்டி 3 லட்சம், மிச்சம் 1 லட்சம். லாபம் 5 லட்சம் 4 லட்சமாகிறது. அதில் 1.25 லட்சம் போக 2,75,000-க்கு 12.5 சதவீதம் 34,375 ரூபாய். செஸ்ஸோடு 35,750.

பழைய முறையில் முதலில் வட்டியிலிருந்து 50,000 கழிகிறது. மீதி 2,50,000. இவருடைய விலக்கு வரம்பு 5 லட்சம், ஆகவே மிச்சம் 2,50,000. அதை லாபத்தில் கழித்தால் 2,50,000. அதில் 1.25 லட்சம் போனால் வரிக்குரியது 1,25,000 மட்டும். வரி 15,625, செஸ்ஸோடு 16,250 ரூபாய். பழைய முறையைத் தேர்ந்தெடுத்ததால் அந்த அம்மாவுக்கு 19,500 ரூபாய் மிச்சம்.

இதே வருமானம் 70 வயதுக்காரர் ஒருவருக்கு இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. பழைய முறையில் அவருடைய வரம்பு 3 லட்சம்தான் என்பதால் மிச்சம் 50,000 மட்டும். வரி 42,250 வரும். அவருக்குப் புதிய முறையின் 35,750-தான் குறைவு. ஆகவே வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒருவர் பங்கையோ ஃபண்டையோ விற்ற ஆண்டில், பிள்ளைகள் தயவுசெய்து இரண்டு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வட்டிக் கழிவு எந்த வட்டிக்குப் பொருந்தும் என்பதும் இங்கே முக்கியம். 80டிடிபி என்ற பிரிவின்படி, வங்கி, வங்கித் தொழில் நடத்தும் கூட்டுறவு நிறுவனம், அஞ்சலகம் ஆகிய மூன்றில் உள்ள வைப்புகளின் வட்டிக்கு மட்டுமே அது கிடைக்கும். சேமிப்புக் கணக்கு, நிரந்தர வைப்பு, தொடர் வைப்பு எல்லாம் இதில் சேரும், எல்லாவற்றுக்கும் சேர்த்து 50,000. தமிழ்நாட்டில் பெரியவர்கள் பலர் மின் துறை நிதிக் கழகத்திலும் போக்குவரத்து மேம்பாட்டு நிதிக் கழகத்திலும் பணம் போடுகிறார்கள். அவை அரசு நிறுவனங்கள், ஆனால் வங்கிகள் அல்ல. அவற்றின் வட்டிக்கு இந்தக் கழிவு கிடையாது. தனியார் நிதி நிறுவன வைப்பு, கடன் பத்திரம் ஆகியவற்றுக்கும் அப்படியே. பிடித்தத்துக்கான ஒரு லட்ச வரம்பும் அங்கே இல்லை, 10,000 ரூபாயைத் தாண்டினாலே பிடிப்பார்கள். அந்த அம்மாவின் 3 லட்சமும் அப்படிப்பட்ட கழகத்திலிருந்து வந்திருந்தால் 50,000 கழிவு போய்விடும். பழைய முறையில் வரி 22,750 ஆக ஏறும்.

அவர் 15எச் கொடுக்கவும் கூடாது. எந்த முறையில் பார்த்தாலும் அவருக்கு வரி இருக்கிறது. பொய்யான உறுதிமொழி தண்டனைக்குரிய குற்றம். வங்கி பிடித்தால் பிடிக்கட்டும், கட்ட வேண்டிய வரியில் அது வரவு வைக்கப்படும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்கள் முன்கூட்டியே தவணையில் வரி கட்டத் தேவையில்லை என்பதால், குறையும் தொகையைத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும்.

வயதைக் கணக்கிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. நிதியாண்டின் ஏதாவது ஒரு நாளில் அந்த வயது நிறைந்தால் முழு ஆண்டுக்கும் சலுகை உண்டு. ஏப்ரல் 1 அன்று பிறந்தவருக்கு முந்தைய நாளான மார்ச் 31 அன்றே வயது நிறைந்ததாகக் கொள்ள வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016-ல் விளக்கம் தந்தது. 1946 ஏப்ரல் 1-ல் பிறந்தவருக்கு 2025-26-லேயே 5 லட்ச வரம்பு உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகளோடு தங்கி, வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவராகிவிட்டவருக்கு வயதுச் சலுகையும் இல்லை, வட்டிக் கழிவும் இல்லை.

பழைய முறை வேண்டும் என்பதைக் கணக்குப் படிவத்திலேயே சொல்ல வேண்டும். புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தால் போதும், தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். அந்த அம்மாவின் லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டுவதால் எளிய ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2 வேண்டும். ஜூலை 31 என்ற கெடு அவருக்குக் கண்டிப்பானது. அதைத் தாண்டித் தாக்கல் செய்தால் பழைய முறையைக் கேட்க முடியாது, தாமதக் கட்டணம் போக அந்த 19,500 ரூபாயையும் சேர்த்தே கட்ட வேண்டியிருக்கும்.