எல்காட் என்றால் எந்த எல்காட்? வேலைக்குச் சேரும் முன் வரவேண்டிய ஒரு மெயில்

"வாழ்த்துகள்! திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மதுரை எல்காட் வளாகத்தில் ரிப்போர்ட் செய்யவும். அசல் சான்றிதழ்களுடன் வரவும். இப்படிக்கு, ஹெச்.ஆர். டீம்."

வேலை உறுதியாகி, வீட்டில் ஸ்வீட் கொடுத்து முடித்த பிறகு பலருக்கும் வருவது இப்படி ஒரு மெயில்தான். படிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால், மதுரைக்காரர்கள் முதல் வரியிலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். எந்த எல்காட்?

மதுரையில் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இரண்டு இருக்கிறது. ஒன்று இலந்தைக்குளத்தில், பாண்டி கோயில் பக்கம், ரிங் ரோட்டை ஒட்டி. இன்னொன்று வடபழஞ்சியில், நாகமலை புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம். 2021-ல் கொரோனா சிகிச்சை மையமாக மாற்றினார்களே, அந்த இடம். ஒன்று ஊருக்குக் கிழக்கே, மற்றது மேற்கே. இரண்டுக்கும் நடுவில் மொத்த மதுரையும் இருக்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெண் முதல் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தேனி ரோட்டில் வரும் அவருக்கு வடபழஞ்சி என்றால் மதுரைக்குள் நுழையும் முன்பே இறங்கிவிடலாம். இலந்தைக்குளம் என்றால் ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். மேலூரிலிருந்து வருபவருக்குக் கதை அப்படியே தலைகீழ். ஒரே ஒரு ஊர்ப்பெயரை மெயிலில் சேர்க்காமல் விட்டால், முதல் நாளே ஒருவர் தவறான வாசலில் வியர்வையோடு நிற்பார். அதனால், மெயிலின் முதல் பத்தி இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். வளாகத்தின் பெயர், கட்டடம், தளம், கூகுள் மேப் இணைப்பு, எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எப்படி வருவது என்பது வரை.

வாசலுக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. இரண்டு பூங்காக்களும் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. புதிதாகச் சேருபவரிடம் கம்பெனி அட்டை எப்படி இருக்கும்? அவர் பெயரை முன்கூட்டியே செக்யூரிட்டியிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது யாராவது வாசலுக்கு வந்து அழைத்துப் போக வேண்டும். அந்த 'யாராவது' யார், அவருடைய செல் நம்பர் என்ன என்பது மெயிலில் இருக்க வேண்டும். அலுவலக போர்டு நம்பர் பயன்படாது. காலை ஒன்பது மணிக்கு அதை யாரும் எடுப்பதில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒன்பது மணி என்றால் புதியவரையும் ஒன்பதுக்கே வரச் சொல்வது வழக்கம். அந்த நேரத்தில் டீம் லீட் காலைக் கூட்டத்தில் இருப்பார், ஐ.டி. பிரிவில் ஆள் வந்திருக்க மாட்டார். புதியவர் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டுவார். முதல் நாள் மட்டும் பத்தரை மணி என்று போட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. வெளியூரிலிருந்து பஸ் மாறி வருபவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பெரிய விஷயம்.

அடுத்து, ஆவணங்கள். 'அசல் சான்றிதழ்கள்' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிற இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது இன்ஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இன்ஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் இன்ஷியல் இல்லாமல் ஒரு பெயர், பான் கார்டில் இன்ஷியலை விரித்து அப்பாவின் முழுப் பெயரோடு ஒரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஆதாரை அடிப்படையாகக் கொண்டது. பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் கணக்கு சிக்கலாகும். பிறகு பணம் எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். ஆதாரிலோ பான் கார்டிலோ பெயரைத் திருத்த நாளாகும் என்பதால், இதை முதல் நாள் அன்று சொல்வதில் பயனில்லை. சேரும் தேதிக்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது, 'ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்' என்று எழுத வேண்டும்.

கூடவே இன்னொரு வரி. அசல்களைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். 'ஒரிஜினலை வாங்கி வெச்சுக்குவாங்களாப்பா?' என்ற கேள்வி பெற்றோர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி, மனிதர்கள். சில நிறுவனங்கள் இருபது பேர் கொண்ட வரைபடத்தையே இணைத்து அனுப்புகின்றன. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை. மூன்று பேர் போதும். வாசலில் அழைத்துப் போகிறவர், வேலை கொடுக்கிற டீம் லீட், பக்கத்து சீட்டில் இருந்து சந்தேகம் தீர்க்கிற ஒருவர். இந்த மூன்றாமவர் மிக சீனியராக இல்லாமல், ஓராண்டு முன்பு சேர்ந்தவராக இருப்பது நல்லது. கேன்டீன் டோக்கன் எங்கே வாங்குவது, வைஃபை பாஸ்வேர்டை யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அவருக்குத்தான் இன்னும் மறக்காமல் இருக்கும்.

இங்கே கூகுள் நிறுவனத்தின் ஒரு அனுபவத்தைச் சொல்லலாம். அங்கே மனிதவளப் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2015-ல் வெளியான தன் 'வொர்க் ரூல்ஸ்' புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். புதியவர் திங்கட்கிழமை சேருகிறார் என்றால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேனேஜருக்கு ஒரு சின்ன மெயில் போகும். வேலை என்ன என்று உட்கார்ந்து பேசுங்கள், துணைக்கு ஒருவரைக் காட்டுங்கள், மற்றவர்களோடு பழக வழி செய்யுங்கள், முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை பேசுங்கள், மனம்விட்டுப் பேச ஊக்குவியுங்கள் என்று ஐந்தே விஷயங்கள். அந்த மெயில்படி நடந்துகொண்ட மேனேஜர்களிடம் சேர்ந்தவர்கள், மற்றவர்களைவிட 25 சதவிகிதம் வேகமாக வேலையில் முழுத் திறனை எட்டினார்களாம்.

கவனியுங்கள், அந்த மெயில் போனது புதியவருக்கு அல்ல, உள்ளே இருப்பவருக்கு. நம் ஊரில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். புதியவருக்கு அனுப்புகிற நாளிலேயே டீம் லீட், ஐ.டி. பிரிவு, செக்யூரிட்டி மூவருக்கும் ஒரு மெயில் போக வேண்டும். சீட் எது, லேப்டாப் தயாரா, லாக்இன் உருவாக்கியாகிவிட்டதா? இது நடக்கவில்லை என்றால் எப்படித் தெரியும்? வரவேற்பு மெயிலில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லாமல் 'ஹெச்.ஆர். டீம்' என்று மட்டும் இருந்தால், பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து வந்திருந்தால், உள்ளே யாருக்கும் தகவல் போயிருக்காது என்று தாராளமாகச் சந்தேகப்படலாம்.

முதல் வாரத்து வேலை சின்னதாக, முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். 'புராஜெக்ட்டைப் புரிந்துகொள்ளவும்' என்பது வேலை அல்ல. அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் உசிலம்பட்டிப் பெண் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பிரிவில் சேருகிறார் என்றால், அவருக்கு வர வேண்டிய மெயில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். (பெயர், எண்களை விட்டுவிட்டேன். ஐ.டி. நிறுவனங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். எளிய ஆங்கிலமாக இருந்தால் சரி.)

"வணக்கம். வருகிற திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு உங்களை எதிர்பார்க்கிறோம். நம் அலுவலகம் இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் இருக்கிறது, வடபழஞ்சி அல்ல. ஆரப்பாளையத்தில் இறங்கினால் மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் உண்டு, அங்கிருந்து ஆட்டோவில் வரலாம். மெயின் கேட்டில் உங்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆதாரைக் காட்டுங்கள். என் எண் கீழே இருக்கிறது, வந்ததும் கூப்பிடுங்கள், நானே வருகிறேன். சொந்த லேப்டாப் வேண்டாம், இங்கே தயாராக இருக்கிறது. அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றே தந்துவிடுவோம். மதியம் டீமோடு சாப்பிடலாம். கேன்டீன் இருக்கிறது, டப்பா கொண்டுவந்தாலும் சரி. மாலை 5 மணிக்குக் கிளம்பலாம். முதல் நாள் லாக்இன், அறிமுகம் மட்டும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பக்கத்து சீட் தோழியோடு உட்கார்ந்து பாருங்கள். வியாழன், வெள்ளியில் லாக்இன் பக்கத்துக்கு ஏற்கெனவே எழுதிவைத்த டெஸ்ட்களை நீங்களே ஓட்டி, எது தவறுகிறது என்று குறித்துத் தாருங்கள். அதற்கு முன் வீட்டில் எதையும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை."

மாலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்ற வரியைப் பலரும் எழுதுவதில்லை. உசிலம்பட்டியில் காத்திருக்கும் அம்மாவுக்கு முழு மெயிலிலும் முக்கியமான வரி அதுதான்.

மெயில் நன்றாக இருக்கிறது என்பதற்காகவே நம்பிவிடவும் கூடாது. வேலை மோசடி செய்பவர்களும் அழகாக வரவேற்பு மெயில் எழுதுகிறார்கள். லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், பேட்ஜ் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அதை மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்டாலும் அப்படித்தான். அனுப்பியவரின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். கம்பெனி பெயரில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கலாம். சந்தேகம் வந்தால் மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

சரி, கம்பெனி உண்மையானதுதான், ஆனால் மெயில் அந்த மூன்று வரிதான் என்றால்? பதில் எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சனி, ஞாயிறில் பார்க்க ஆள் இருக்காது. இவ்வளவு எழுதினால் போதும்:

"மெயிலுக்கு நன்றி. திங்கட்கிழமை வந்துவிடுகிறேன். நான் வர வேண்டியது இலந்தைக்குளமா, வடபழஞ்சியா? வாசலில் யாரைக் கேட்க வேண்டும், அவருடைய எண் என்ன? என் ஆதாரில் இன்ஷியல் இல்லை, பான் கார்டில் அப்பாவின் பெயர் சேர்ந்திருக்கிறது. அதற்கு நான் ஏதாவது செய்ய வேண்டுமா?"