பத்துக்கு ரெண்டு ஃப்ரீ

மாதக் கடைசியில் டார்கெட் முட்டாத ரெப் ஒருவர் மருந்துக்கடைப் படியேறினால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்கும்: “ஏனுங்ண்ணா, இந்தச் சிரப்புக்குப் பத்துக்கு ரெண்டு ஃப்ரீ போட்டிருக்கறமுங்க. அம்பது பாட்டிலா எடுத்துக்கோங்க, பத்து சும்மா வருது.” கடைக்காரர் மனக்கணக்குப் போடுகிறார். அறுபது ரூபாய் பாட்டில் ஐம்பது ரூபாய்க்கு விழுகிறது. எண்பது ரூபாய்க்கு விற்கலாம். தலையாட்டிவிடுகிறார்.

அந்தத் தலையாட்டலைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். அன்னூரிலோ பல்லடத்திலோ இருக்கிற ஒரு நடுத்தரக் கடை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிரப் அங்கே மாதம் ஆறு பாட்டில்தான் போகிறது. வந்த சரக்கில் காலாவதிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. கடைசி மாதத்தில் யாரும் வாங்கிப்போக விரும்ப மாட்டார்கள் என்பதால் விற்கக் கிடைப்பது எட்டு மாதம். எட்டு மாதத்தில் 48 பாட்டில் போகும், 12 தங்கும். போட்ட பணம் 3,000 ரூபாய், வந்த பணம் 3,840. லாபம் 840 ரூபாய். ஆஃபரே வேண்டாமென்று தேவைக்குத் தேவை அறுபது ரூபாய்க்கே வாங்கி அதே 48 பாட்டிலை விற்றிருந்தால் லாபம் 960. இலவசமாக வந்த பத்துப் பாட்டில் கடைக்காரருக்கு 120 ரூபாய் நஷ்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. எட்டு மாதம் முடங்கிய முதல் தனி.

அதே ஆஃபரில் இருபது எடுத்து நாலு இலவசம் வாங்கியிருந்தால்? 24 பாட்டில் நாலே மாதத்தில் தீரும், லாபம் 720. அடுத்த நாலு மாதத்துக்கு இன்னொரு தடவை அப்படியே கிடைத்தால் மொத்தம் 1,440. ஆஃபர் கெட்டதில்லை, அளவுதான் கெடுத்தது. அலமாரியில் பன்னிரண்டு பாட்டில் காலாவதியாகி நிற்பதை ஒன்பது மாதம் கழித்துத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அது நடந்தது ஆர்டர் போட்ட அன்றைக்கே.

மருந்துக்கடை லாபத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு வலிக்கும் என்பது புரியும். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு உச்சவிலையைக் கணக்கிடும்போது சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம் மட்டுமே வைக்கிறது. நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு அட்டை மாத்திரை குப்பைக்குப் போனால், அந்த நூறைத் திரும்பச் சம்பாதிக்க அதே மாத்திரையில் இன்னும் ஆறேழு அட்டை விற்றாக வேண்டும். அந்த ஆறேழு அட்டைக்கும் லாபம் பூஜ்யம். அழித்த சரக்குக்கு ஏற்கெனவே எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டால், சரக்குச் சுழற்சியைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். வருடத்தில் விற்ற சரக்கின் கொள்முதல் மதிப்பை, கையில் இருக்கும் சராசரி இருப்பின் மதிப்பால் வகுப்பது. நம் கடையில் வருடத்துக்கு 48 லட்சம் ரூபாய் சரக்கு போகிறது, சராசரி இருப்பு 8 லட்சம் என்றால், சுழற்சி ஆறு. அதாவது சரக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஆறு என்ற எண்ணை நம்பி உட்கார்ந்தவர்களைத்தான் காலாவதி பிடிக்கிறது. எட்டு லட்சத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், வயிற்றெரிச்சல் மாத்திரைகள் மூன்று லட்சம். வருட விற்பனையில் 40 லட்சம் இவற்றில்தான் வருகிறது. இந்தப் பகுதியின் சுழற்சி பதிமூன்றுக்கு மேல். ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை. மிச்சம் ஐந்து லட்சம் ரூபாய்ச் சரக்கு வருடத்துக்கு எட்டு லட்சம்தான் விற்கிறது. சுழற்சி 1.6. சராசரியாக ஏழரை மாதம் அலமாரியில். ஏழரை என்பது சராசரிதான்; அதற்குள்ளே ஒரு மாதத்தில் போவதும் உண்டு, இரண்டு வருடம் அசையாததும் உண்டு. ஆயுள் இரண்டு வருடமென்று அச்சடித்த மருந்து, கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்ட் வழியாகக் கடைக்கு வருவதற்குள் சில மாதங்களைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகச் சுழற்சியைக் கடை மொத்தத்துக்குப் போடாமல் மருந்து மருந்தாகப் போட வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேரில் “தொண்ணூறு நாளாக ஒன்றுகூட விற்காதவை” என்று ஒரு பட்டியல் எடுத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். சராசரி இருப்பை மார்ச் 31 கணக்கிலிருந்து மட்டும் எடுப்பதும் தப்பு. வருடக் கடைசியில் டார்கெட்டுக்காகத் தள்ளிவிட்ட சரக்கெல்லாம் அன்றைக்குத்தான் உள்ளே இருக்கும். பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுப்பதே நியாயம்.

அடுத்தது, எப்போது ஆர்டர் போடுவது. பெரும்பாலான கடைகளில் இதற்கு ஒரு ஷார்ட் புக் இருக்கிறது. தீர்ந்துபோனதை அல்லது தீரப்போகிறதை அதில் எழுதிவைப்பார்கள். மாலையில் போனில் சொல்வார்கள். குறை என்னவென்றால், எழுதுபவரின் பயம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. நேற்று ஒருவர் கேட்டு இல்லையென்று சொல்ல நேர்ந்த மருந்து இன்றைக்குப் பத்து அட்டையாக வந்து இறங்கும்.

கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை. ஒரு நாள் விற்பனையை, சரக்கு வந்துசேர ஆகும் நாளால் பெருக்க வேண்டும். அதோடு ஆபத்துக்கு உதவும் கையிருப்பைச் சேர்க்க வேண்டும். இருப்பு அந்த எண்ணைத் தொட்டால் ஆர்டர். மெட்ஃபார்மின் 500 ஒரு கடையில் தினம் ஆறு அட்டை போகிறது, அதிகபட்சம் போன நாளில் பத்து. கோவை ஊருக்குள் இருக்கும் கடை. இன்று சொன்னால் நாளை வரும், ஞாயிறு குறுக்கே வந்தால் இரண்டு நாள். மோசமான நிலையில் தேவை பத்தை இரண்டால் பெருக்கி இருபது அட்டை. வழக்கமான நிலையில் ஆறு. வித்தியாசம் 14 தான் கையிருப்பு. ஆறும் பதினாலும் இருபது: இருபது அட்டை மிஞ்சும்போது ஆர்டர் போட்டால் போதும்.

இதே கடையைத் தூக்கிக்கொண்டுபோய் வால்பாறையில் வையுங்கள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டிய சரக்கு. வழக்கமாக மூன்று நாள், மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் ஆறு நாள் என்று வைத்தால், விற்பனை அதேதான், ஆனால் கணக்கு வேறு. மோசமான நிலையில் அறுபது அட்டை, வழக்கத்தில் பதினெட்டு, கையிருப்பு 42. ஆர்டர் புள்ளி அறுபது. காந்திபுரத்துக் கடைக்காரர் அறுபது அட்டை வைத்திருந்தால் அது வெறும் பயம். வால்பாறையில் அது அவசியம். பக்கத்துக் கடையைப் பார்த்து இருப்பு வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் சறுக்கும். மருந்து இல்லாமல் போன நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தினசரி விற்பனை குறைவாகத் தெரியும். மறுபடியும் தட்டுப்பாடு வரும். இரண்டாவது, பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விற்ற இருமல் சிரப்பின் சராசரியை வைத்து மாசியில் ஆர்டர் போட்டால் சரக்கு நின்றுவிடும். திருப்பூர்ப் பக்கம் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் கம்பெனிகள் மூடி ஆட்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாரத்து விற்பனையைச் சராசரியில் சேர்த்தால் கணக்கு இன்னொரு பக்கமாகச் சாயும்.

மெதுவாகப் போகும் மருந்துக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. மாதம் மூன்று அட்டை, அதுவும் ஒரே ஒரு நோயாளிக்கு என்றால் அதில் சராசரி என்று எதைச் சொல்வது? டாக்டர் ஊர் மாறினால், பிராண்டை மாற்றி எழுதினால், அன்றோடு விற்பனை நின்றுவிடும். ஸ்டாக்கிஸ்ட் கோவையில் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இவற்றுக்கு ஆர்டர் புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, அந்த நோயாளியின் போன் நம்பரை எழுதிவைத்து, மருந்து தீரும் தேதிக்கு முந்தைய வாரம் கேட்டுவிட்டு வரவழைப்பதுதான் சிக்கனம்.

அரசு இதை எப்படிச் செய்தது என்பது நம் மாநிலத்திலேயே இருக்கிற பாடம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதற்கென்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கம். கழகம் செய்ததில் முக்கியமானது, அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலைக் குறுக்கி, மாவட்டக் கிடங்குகளை வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு இருக்கும். கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழியும். தேவையில்லாததை அள்ளிவந்தால் தேவையானதற்குத் தொகை இருக்காது. கிடங்கு இருப்பு கணினி வழியே சென்னைக்குத் தெரிவதால், எங்கே குறைகிறதோ அதைப் பார்த்து ஆர்டர் போனது. ராஜஸ்தானும் கேரளமும் பின்னால் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. ஆனால் கிடங்கின் கணினிக்கு எட்டாத ஒரு இடம் உண்டு: மருந்து கிடங்கைவிட்டு வெளியேறி மருத்துவமனையின் உள் ஸ்டோருக்கும் வார்டு அலமாரிக்கும் போன பிறகு நடப்பது. கணக்கில் செலவாகிவிட்டது, அலமாரியிலோ தேதி ஓடிக்கொண்டிருக்கும்.

தனியார் கடையில் அந்த இருட்டு மூலை வெட்டிய அட்டைதான். பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்கிறார்கள். அவசரத்தில் பேட்சும் தேதியும் அச்சடித்த பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால், மிச்சம் ஆறு மாத்திரை எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. தேதி இல்லாத பக்கத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். புதுச் சரக்கு வந்ததும் பழையதை முன்னால் நகர்த்துவதுகூடப் போதாது. பின்னால் வந்த பேட்ச் சில சமயம் முன்னதாகவே முடியும். வந்த வரிசையை விட்டுவிட்டு, முடியும் வரிசையில் அடுக்க வேண்டும். அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும் என்பதே விதி. அதற்கு மறுநாள் விற்றால் மருந்து விதிகளின்படி குற்றம்.

மாத முதல் வாரத்தில், அடுத்த நாலு மாதத்துக்குள் முடியும் சரக்கைப் பட்டியல் எடுத்து அலமாரியோடு ஒத்துப் பார்க்கும் கடைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிராண்ட் கம்பெனிகள் பொதுவாகக் காலாவதியை ஒட்டிய சில மாதங்களுக்குள் ஸ்டாக்கிஸ்ட் வழியாகச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அந்தக் காலக்கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆஃபரில் வந்தவை, குளிர்பெட்டி மருந்துகள், மலிவு ஜெனரிக்குகள் பலவற்றுக்கு அந்த வழி கிடையாது. எனவே வாங்கும்போதே பில்லில் “ரிட்டர்ன் உண்டா” என்று குறித்து வைப்பதும், அனுப்பியதற்குக் கிரெடிட் நோட் வந்ததா என்று அடுத்த மாதம் பார்ப்பதும் தனி வேலை.

காலாவதியைச் சுத்தமாகப் பூஜ்யமாக்கும் கடையை நான் நல்ல கடை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வாமையில் மூச்சடைப்பவருக்குப் போடும் அட்ரினலின் ஊசி, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை இவற்றில் சில, வருடத்துக்கு ஒரு முறை வாங்கி, ஒன்றுகூட விற்காமல், தேதி முடிந்ததும் எடுத்துவைத்துவிட்டு மறுபடியும் வாங்க வேண்டியவை. அந்த நூறு இருநூறு ரூபாயைக் கடை வாடகை, மின்கட்டணம் எழுதும் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.