கடைசிப் பழைய நகல் தீரும் வரை

ஒரு நிறுவனம் தன் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை இரவு 11 மணிக்கு டிஎன்எஸ் பதிவில் ஐபி முகவரியை மாற்றியாகிவிட்டது. பதிவின் டிடிஎல் 300 விநாடி, அதாவது ஐந்தே நிமிடம். கணக்குப்படி 11.05-க்கு எல்லோரும் புதிய சர்வருக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் 11.20-க்கு அலுவலகத்தில் புதிய பக்கம் தெரிகிறது, மேலாளர் வீட்டில் பழைய பக்கம் வருகிறது. "இன்னும் பரவல சார், காலைல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் பல இடங்களில் வழக்கம்.

குழப்பம் அந்தப் 'பரவல்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. டிஎன்எஸ்ஸில் மாற்றம் பயனர்களை நோக்கிப் புறப்பட்டுப் போவதே இல்லை. ஊரெங்கும் உள்ள பழைய நகல்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன, அவ்வளவுதான்.

பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைத் தரும் இந்த ஏற்பாட்டை பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தார். தளத்தின் சொந்தக்காரர் வைத்திருக்கும் அதிகாரப்பூர்வ சர்வர்களில் மூலப்பதிவு இருக்கும். பயனரின் கணினியோ கைபேசியோ நேராக அங்கே போவதில்லை. இணைய நிறுவனம் நடத்தும் ரிசால்வர் என்ற இடையாளிடம் கேட்கும். ரிசால்வர் மூலத்திடம் ஒருமுறை கேட்டு, பதிலின் நகலை டிடிஎல் சொல்லும் விநாடிகள் வரை தன்னிடம் வைத்துக்கொள்ளும். பால் பாக்கெட்டில் தேதி அச்சிடுவதைப் போன்றதுதான் டிடிஎல். புதுப் பாக்கெட்டுக்குக் குறுகிய தேதி போட்டுவிட்டோம் என்பதற்காக, நேற்றே கடைக்குப் போய்விட்ட பாக்கெட்டின் தேதி மாறிவிடாது.

முதலில் இடறும் இடமும் அதுதான். நேற்றுவரை டிடிஎல் 86400 விநாடியாக இருந்து, இன்று முகவரியையும் டிடிஎல்லையும் ஒரே நேரத்தில் மாற்றினால், காத்திருக்க வேண்டியது ஐந்து நிமிடம் அல்ல, ஒரு முழு நாள். ஆகவே நம் எடுத்துக்காட்டில் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கே டிடிஎல்லை மட்டும் 300 ஆகக் குறைத்திருந்தார்கள். முகவரியைத் தொடவில்லை. புதன் காலை 10 மணி தாண்டியதும், ஒரு நாள் ஆயுள் கொண்ட நகல்கள் தீர்ந்துவிட்டன. அதன்பின் இரவில் செய்த மாற்றத்துக்குத்தான் ஐந்து நிமிடக் கணக்கு செல்லும்.

நம் பதிவின் டிடிஎல் குறுகியதாக இருந்தும், வேறொருவர் கையில் உள்ள பதிவின் டிடிஎல் நெடியதாக இருக்கலாம். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனத்துக்கு நேர்ந்தது அதுதான். டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு முறையை அது இயக்கியது. சிக்கல் எழுந்ததும் திரும்பப் பெற்றது. ஆனால் 'இந்தப் பெயருக்குக் கையொப்பம் உண்டு' என்று அறிவிக்கும் பதிவு .com சர்வர்களில் இருப்பது, அதன் டிடிஎல் 24 மணி நேரம். பதிவை நீக்கிய பிறகும், அதன் நகலை வைத்திருந்த ரிசால்வர்கள் கையொப்பம் இல்லாத பதில்களை ஏற்க மறுத்தன. ரிசால்வர் நடத்துவோரிடம் நகலை அழிக்கும்படி ஸ்லாக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

இனி புதன் இரவுக்குத் திரும்புவோம். மேலாளர் வீட்டுச் சிக்கலை ஊகத்தால் தீர்க்க வேண்டியதில்லை. முதல் கேள்வி: எல்லா அதிகாரப்பூர்வ சர்வர்களும் புதிய முகவரியைச் சொல்கின்றனவா? இரண்டு சர்வர்கள் இருந்தால் இரண்டிடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

```
dig @ns1.example.com www.example.com A +norecurse +noall +answer
www.example.com.  300  IN  A  198.51.100.20

dig @ns2.example.com www.example.com A +norecurse +noall +answer
www.example.com.  300  IN  A  192.0.2.10
```

குற்றவாளி கண்முன் நிற்கிறார். ns1 புதிய முகவரியைச் சொல்கிறது, ns2 பழையதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. முதன்மைச் சர்வரில் மாற்றம் நடந்தவுடன் துணைச் சர்வருக்கு ஒரு தகவல் போகும்; அதைக் கண்டு துணைச் சர்வர் புதிய பதிவுகளை எடுத்துக்கொள்ளும். நடுவில் ஃபயர்வால் அந்தத் தகவலைத் தடுத்துவிட்டால், துணைச் சர்வர் தன் முறை வரும்போதுதான் வந்து பார்க்கும். அந்த இடைவெளி ஒரு மணி நேரம் என்று அமைத்திருந்தால், ஒரு மணி நேரம் வரை பழைய முகவரியை விநியோகிக்கும். அதுவும் ஒவ்வொரு முறையும் புத்தம்புது 300 விநாடி ஆயுளோடு.

இதன் விளைவு விசித்திரமானது. 11.05-க்குப் புதிய முகவரிக்கு மாறிய ரிசால்வர், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்கப் போகும்போது ns2-விடம் கேட்டால் பழைய முகவரிக்கே திரும்பிவிடும். பயனருக்குப் புதிய பக்கம், பழைய பக்கம், மறுபடி புதிய பக்கம் என்று மாறி மாறி வரும். ஆகவே ஐந்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்குவது, பதிவை மாற்றிய நேரத்திலிருந்து அல்ல. கடைசி அதிகாரப்பூர்வ சர்வரும் புதிய முகவரியைச் சொல்லத் தொடங்கிய நொடியிலிருந்து. நம் கதையில் பொறியாளர் ns2-வில் நுழைந்து `rndc retransfer example.com` என்று தட்டி, 11.28-க்கு அதைச் சரிசெய்கிறார். புதிய கெடு 11.33.

இப்போது இரண்டாம் கேள்வி: ரிசால்வர்கள் என்ன சொல்கின்றன? கூகுளின் 8.8.8.8-இடம் கேட்டால் இப்படி வரலாம்.

```
dig @8.8.8.8 www.example.com A +noall +answer
www.example.com.  187  IN  A  192.0.2.10
```

முகவரியை மட்டும் பார்த்து 'இன்னும் பழசுதான்' என்று சலித்துக்கொள்பவர்கள் அதன் முன்னால் நிற்கும் 187-ஐக் கவனிப்பதில்லை. மீதமுள்ள ஆயுள் அதுதான். பத்து விநாடி கழித்துக் கேட்டால் 177 என்று வந்தால், நகல் முறைப்படி தீர்ந்துகொண்டிருக்கிறது, காத்திருந்தால் போதும். 11.33-க்குப் பிறகும் பழைய முகவரி 300-ஐ ஒட்டிய எண்ணோடு வந்தால், எங்கோ ஒரு சர்வர் இன்னும் பழையதை விநியோகிக்கிறது என்று பொருள். பழைய முகவரியோடு எப்போது கேட்டாலும் 30 என்றே வந்தால் சங்கதி வேறு. மூலச் சர்வரை எட்ட முடியாதபோது காலாவதியான நகலையே கொடுக்கலாம் என்று 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8767 அனுமதிக்கிறது. அப்படிக் கொடுக்கும்போது 30 விநாடி என்று குறிக்கவும் பரிந்துரைக்கிறது. அந்த ரிசால்வருக்கும் நம் சர்வருக்கும் இடையே வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

8.8.8.8 போன்ற பெரிய சேவைகளில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல நகல் கிடங்குகள் உண்டு. அதனால் முதலில் 187, அடுத்து 42, அடுத்து 291 என்று எண் தாவினால் அது கோளாறு அல்ல. வெவ்வேறு கிடங்குகளின் பதில்கள். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நகல்களுக்கும் நகல் உண்டே, வீட்டு ரௌட்டரும் ஒன்றை வைத்துக்கொள்ளுமே, அப்படியானால் ஐந்து நிமிடம் பத்தாகாதா? ஆகாது. ரிசால்வர் தன்னிடமுள்ள நகலைக் கொடுக்கும்போது 300 என்று சொல்லாது, மிச்சமுள்ள 187-ஐத்தான் சொல்லும். எல்லோரும் விதிப்படி நடந்தால் அடுக்குகள் எத்தனை இருந்தாலும் கெடு நீளாது. உலாவிகள் தங்களிடம் ஏறத்தாழ ஒரு நிமிடம் தனியாக வைத்துக்கொள்வது மட்டும் கூடுதல். 'எதையும் இத்தனை விநாடிக்குக் குறையாமல் வைத்திரு' என்று அமைக்கப்பட்ட ரிசால்வர்களும் இருக்கின்றன. அங்கே நம் குறுகிய டிடிஎல் செல்லாது.

ஆனால் உலகில் உள்ள எல்லா ரிசால்வர்களையும் கேட்க முடியுமா? முடியாது. இணைய நிறுவனங்களின் ரிசால்வர்கள் பொதுவாகத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். ஐரோப்பாவின் ரைப் அமைப்பு நடத்தும் அட்லஸ் வலையில் தன்னார்வலர்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஆயிரக்கணக்கான சிறு கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அந்தந்த இடத்து ரிசால்வரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் ஒரு மாதிரிதான்.

முழுச் சாட்சி பழைய சர்வரிடம் இருக்கிறது. இன்னும் வழி மாறாத ஒவ்வொருவரும் அங்கேதான் வந்து கதவைத் தட்ட வேண்டும். எனவே பழைய சர்வரின் பதிவேட்டில் நிமிடத்துக்கு எத்தனை புதிய இணைப்புகள் வருகின்றன என்று எண்ணுவதே நம்பகமான அளவு. நகல்கள் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை என்பதால் ஐந்து நிமிடத்துக்குள் சீராகத் தீரும். வரைபடத்தில் அது ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும்: பாதி நேரத்தில் பாதிக் கூட்டம், கெடு முடியும்போது கிட்டத்தட்ட பூஜ்யம். கோடு பாதியில் இறங்காமல் நின்றுவிட்டால், அது நகல் சிக்கல் அல்ல.

அப்படி நிற்கும் கூட்டத்தின் பெரும்பகுதி ஐபிவி6 வழியாக வந்தால் AAAA பதிவைப் பாருங்கள். பழைய வகை முகவரிக்கான A பதிவை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது சகஜம். ஐபிவி6 பரவலாக உள்ள ஜியோ போன்ற கைபேசி வலைகளில் இருப்பவர்கள் அப்போது பழைய சர்வரிலேயே தங்கிவிடுவார்கள், அலுவலகத்து கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். வருபவை எல்லாம் ஏற்கெனவே திறந்து கிடக்கும் இணைப்புகள் என்றால், அவற்றுக்கு டிஎன்எஸ் பதிவே தேவையில்லை. பழைய சர்வரில் சேவையை மறுதொடக்கம் செய்தால் அறுந்துபோகும்.

நம் பொறியாளர் 11.34-க்குப் பார்க்கும்போது கோடு இறங்கி, தரையை ஒட்டி நிற்கிறது. முழுதாகத் தொடவில்லை. மிச்சம் வருவதைப் பிரித்துப் பார்க்கிறார். தேடுபொறி ரோபோக்கள் சில, பிறகு ஒரே ஐபி முகவரியிலிருந்து விடாமல் வரும் கோரிக்கைகள். அது கூட்டாளி நிறுவனத்தின் இடைச் சர்வர். அங்கே ஓடும் என்ஜினெக்ஸ் மென்பொருளில் `proxy_pass` வரியில் தளத்தின் பெயரை நேரடியாக எழுதியிருக்கிறார்கள். இந்த அமைப்பில் அது தொடங்கும்போது ஒருமுறை பெயரைத் தேடிக்கொண்டு, மறுதொடக்கம் வரை அதே முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிடிஎல் ஐந்து நிமிடமோ ஐந்து விநாடியோ, அதற்கு ஒன்றுதான்.

தொலைபேசியில் அழைத்து, அங்கிருந்தவரை `nginx -s reload` தட்டச் சொல்கிறார். 11.50-க்கு அந்த ஐபி பழைய பதிவேட்டிலிருந்து மறைகிறது. மேலாளர் வீட்டில் புதிய பக்கம் வந்து கால் மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. பழைய சர்வரை அவர் அன்றிரவு அணைக்கவில்லை. மறுநாள் மாலை வரை பதிவேட்டில் ரோபோக்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்று கண்ட பிறகே அணைத்துவிட்டு, டிடிஎல்லை 300-இலிருந்து 3600-க்கு உயர்த்தினார்.