உங்களுக்குத் தெரியுமா? தொடுதிரை செத்தாலும் மவுஸ் வேலை செய்யும்!

ஏற்காடு லேடீஸ் சீட் பாறையில் போன் விழுந்து திரை நொறுங்கிவிட்டது. படம் தெரிகிறது, தொட்டால் அசைவில்லை. கம்ப்யூட்டரோடு சாதாரணமாகப் பயன்படுத்தும் யூஎஸ்பி மவுஸை ஓடிஜி அடாப்டர் வழியாகச் செருகினால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையிலேயே அம்புக்குறி வந்துவிடும்!

• அடாப்டர் சிறியதுதான். போனின் சார்ஜ் துளைக்குப் பொருந்துகிறதா (டைப்-சி அல்லது மைக்ரோ யூஎஸ்பி) என்று பார்த்து வாங்குங்கள். பேட்டர்னையும் மவுஸின் இடது பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்து வரையலாம்.

• துளை ஒன்றுதான். அதை மவுஸ் பிடித்துக்கொண்டால் போனிலுள்ள படங்களை எப்படி வெளியே எடுப்பது? யூஎஸ்பி ஹப் வாங்கி, மவுஸையும் பென்டிரைவையும் சேர்த்துச் செருகுங்கள். அல்லது மவுஸாலேயே வைஃபையை இயக்கி, படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றுங்கள்.

• திரை முழுக்கக் கறுப்பா? டைப்-சி வழியே படத்தை வெளியே அனுப்பும் போன் என்றால், எச்டிஎம்ஐ உள்ள ஹப் மூலம் விடுதி டிவியிலேயே பார்க்கலாம். சாம்சங் கேலக்ஸி எஸ்8 (2017) அப்படிப்பட்டது. விலை குறைந்த பல போன்களில் இந்த வசதி இல்லை.

• scrcpy என்ற இலவச மென்பொருள் போன் திரையைக் கம்ப்யூட்டரில் காட்டும். ஆனால் அதற்குப் போனில் 'யூஎஸ்பி டீபக்கிங்' இயக்கப்பட்டிருக்க வேண்டும். யார் இயக்கி வைக்கிறார்கள்!

• உடைந்த திரை தானாகவே எண்களை அழுத்துகிறதா? உடனே போனை அணைத்துவிடுங்கள். தவறான பின் எண்கள் குவிந்தால் போன் பூட்டிக்கொள்ளும்.